சலவைக்காட்டில் இடதுபுறம் திரும்பவும்

என் அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அப்பா வழி வரைந்து கொடுத்தார். பனியன் பெட்டி அட்டையின் உட்புறம், காப்பிங் பென்சிலால். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் சொன்னதற்கு மறுசொல் கிடையாது.

சோளக்காட்டை மனை போட்டு விற்றதில் முளைத்த வீடுகள் எங்களுடையவை. தெருவுக்குப் பெயர் கிடையாது, கதவுக்கு எண் கிடையாது. தாராபுரம் ரோட்டிலிருந்து ஒரே மாதிரி நாலைந்து வண்டித்தடங்கள் உள்ளே பிரியும். எது எங்களுடையது என்று புதிதாக வருகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

அப்பா ரோட்டை இரட்டைக் கோடாகப் போட்டார். அவிநாசிபாளையம் பக்கமிருந்து வந்தால் வலது கைக்கு அரிசி மில் புகைபோக்கி, அப்புறம் இடது கைக்கு மாரியம்மன் கோயில். அதற்கடுத்து, ‘வெள்ளைத் துணி காயும் சலவைக்காடு, இடதுபுறம் திரும்பவும்’ என்று எழுதி, துணி வரிசைகளை அலை அலையாக வரைந்தார். உள்ளே ஒற்றைக் கோட்டில் தடம், அதன் முடிவில் எங்கள் ஓட்டு வீடு. கோயிலையும் வீட்டையும் விடத் துணிகள்தாம் பெரிதாக இருந்தன. அது அவர் கம்பெனித் துணி. இத்தனை துணி யாருடையது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க வேண்டும், இவர் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆசைதான்.

காப்பி கொண்டுவந்த அக்கா அட்டையைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கெழமை துணி காயப்போட மாட்டாங்கப்பா. வெறுங்காடாத்தான் கெடக்கும். தடம் பிரியற மூலையில கெணறு இருக்குதுங்களே, அதப் போடுங்க. அதத் தாண்டிச் செங்கச்சூளை தெரிஞ்சா திரும்பி வரணும்னு ஒரு வரி எழுதிருங்க.”

அந்தக் கிணற்றில் தினமும் தண்ணீர் சேந்துகிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டைவிட்டு வெளியே போனதே இல்லை. அவர் கண்ணில் அந்தக் காடு எப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது.

“உன்னையப் பாக்க வர்றவங்களுக்கு நீயே வழி சொல்லுவியா? வெக்கமா இல்ல? உள்ள போ,” என்றார் அப்பா.

அவள் போய்விட்டாள். அட்டை தரகர் கைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. அக்கா அம்மாவின் பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகையோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றரை ஆயிற்று, நாலு ஆயிற்று. பஜ்ஜி சில்லிட்டுப்போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் வந்து நின்றபோது ராகு காலம் பிறந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் காரைவிட்டு இறங்கவே இல்லை.

“துணியத் தேடிட்டே ரொம்பத் தூரம் போயிட்டமுங்க. சூளைக்கு அந்தாண்ட ஒரு தோட்டத்து ஊட்ல உள்ள போய் வழி கேட்டோம். நல்ல சனம், மோரு குடிக்காம உடமாட்டேன்னுட்டாங்க. இனி நேரம் சரியில்லீங்களே. இன்னொரு நாளைக்கு வாறமுங்க.”

“ஆகட்டுங்க, அதுக்கென்னங்க,” என்று அப்பா கைகூப்பினார். அத்தனை பணிவு அவரிடம் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கார் திரும்பிப் போனது. உள்ளறையில் உட்கார்ந்திருந்த அக்காவை அவர்கள் பார்க்கக்கூட இல்லை.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. அடுத்த மாதம் தரகர் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். அந்தத் தோட்டத்து வீட்டில் மோர் கொண்டுவந்து கொடுத்த பெண்ணையே பேசி முடித்துவிட்டார்களாம்.

தரகர் படியிறங்குவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். “எல்லாம் இவ ராசி. வாசல் வரைக்கும் வந்தது திரும்பிப் போகுதுன்னா வேறென்ன?” அட்டையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்றாள். ராசியில்லாதவள் என்ற பேர் எங்கள் வீட்டு வாயிலிருந்தே உறவெல்லாம் பரவியது. அதன்பின் தரகர்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைந்தது, பிறகு நின்றே போனது.

சில வருஷம் கழித்து ஓரிடம் அமைந்தது. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்து, இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அல்லாடிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வருகிற வழியில், சட்டைகூட மாற்றாமல் வந்து கேட்டார். நல்ல நாள் பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை. அப்பா அங்கேயே தலையாட்டிவிட்டார்.

அவர் போன பிறகு அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

“இவருக்கு வழி வரஞ்சு குடுக்க வேண்டியதில்லீங்கப்பா,” என்றாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மகள் சந்தோஷத்தில் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.