இடை என்றால் நடு அல்ல

வெளிவாரிப் பட்டப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தேன். இனி ஒரு தடவைதான். சித்தியடைந்தால் பதுளை டவுன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கலாம். இல்லாவிட்டால் இப்போதிருக்கும் ஸ்பிரிங்வெளித் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு காலம் போய்விடும். சனிக்கிழமைகளில் களைத்துப்போய் பஸ் ஏறி பதுளைக்கு வருவேன். என்னைப்போலவே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவரும் நானும் வெறும் வகுப்பறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

அன்றைய கணக்கு: sin a − sin b இன் அளவு a − b இன் அளவைத் தாண்டாது என்று நிறுவ வேண்டும். இரண்டு புள்ளிகளின் இடையில் ஒரு c-இல் சாய்வு சராசரிச் சாய்வுக்குச் சமமாகும் என்கிற இடைப் பெறுமானத் தேற்றத்தைப் போட்டு, a-க்கும் b-க்கும் நட்டநடுவில் அந்த c-ஐ வைத்தேன்.

"நடுவிலை எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது, டீச்சர்?"

"இடைன்னா நடுதானுங்களே? x வர்க்கத்துல போட்டுப் பாத்தேன், சரியா நடுவுலதான் வருது."

"x கனத்துக்குப் போடுங்கோ. பூச்சியத்திலையிருந்து மூண்டு மட்டும்."

போட்டேன். சராசரிச் சாய்வு ஒன்பது. மூன்று c வர்க்கம் ஒன்பது என்றால் c மூன்றின் வர்க்கமூலம். நடு ஒன்றரை, இது ஒன்றரையைத் தாண்டி நின்றது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சொல்லை நம்பி இரண்டு தடவையும் இதே கணக்கில் புள்ளிகளைத் தொலைத்திருக்கிறேன். விடை சரியாக வந்ததால் பிழை கண்ணில் படவேயில்லை.

"அப்ப c எங்கதாங்க இருக்கு?"

"இடையிலை எங்கையோ. எங்கை எண்டு உங்களுக்கு என்னத்துக்கு? எங்கை நிண்டாலும் cos c ஒண்டைத் தாண்டாது. அது காணும்."

cos c-தான் sin இன் சாய்வு; சாய்வு ஒன்றைத் தாண்டாவிட்டால் வித்தியாசமும் தூரத்தைத் தாண்டாது. அவ்வளவுதான் விஷயம். c-ஐத் தேடி நான் பட்ட பாடெல்லாம் வீண்.

"முதல் வரியிலை a = b எண்டால் ரெண்டு பக்கமும் பூச்சியம் எண்டு எழுதுங்கோ. அதுக்குத் தேற்றம் சரிவராது."

"ஒன்னுமே மாறாததுக்கு ஒரு வரியா? அதெல்லாம் யாருங்க பாக்கப்போறா?"

ஆனாலும் பரீட்சையில் அந்த வரியை எழுதினேன். சித்தியடைந்தேன். நியமனக் கடிதம் வந்த சனிக்கிழமை, உறையைப் பிரிக்காமலேயே பஸ் ஏறி மாஸ்டரிடம் கொண்டுபோனேன். பிரித்து வாசித்தவர் என்னிடமே நீட்டினார்.

பட்டதாரி ஆசிரியை, ஸ்பிரிங்வெளித் தோட்டப் பள்ளிக்கூடம்.

முகத்தை அவருக்குக் காட்டப் பிடிக்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் a = b என்று எழுதினேன். ஹாலிஎல பக்கமிருந்து மழை வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை கூடவே வந்தார். திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு.