சீரோடு போன பை

குடியாத்தத்தில் நெசவுத் தறிக்கு நூல் தார் சுற்றுகிற அம்சவேணி, உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் தோளில் ஒரு காக்கிப் பையோடு வந்து நிற்பாள். உள்ளே துணிப்பட்டையில் வரிசையாகக் குத்திய மூன்று அளவு ஊக்குகள், ஊசிநூல், தலைவலி மாத்திரை, தைலம், ஓமத்தண்ணீர், மாற்று ரவிக்கை, பாவாடை, வேட்டி. பையை யாரிடமும் தரமாட்டாள். கேட்டால், "உனக்கு எது எங்க இருக்குன்னு தெரியுமா?" என்பாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் தம்பி வீரபாகுவின் மகள் பூரணிக்குக் கல்யாணம். சீர்வரிசையில் முதல் தட்டை அத்தைதான் தூக்க வேண்டும். தட்டுக்கு இரண்டு கையும் வேண்டுமே! மனசில்லாமல் பையைத் தம்பி மனைவி பங்கஜத்திடம் கொடுத்தாள்.

பங்கஜம் தட்டுகளை எண்ணினாள். இருபது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போகணும். அவசரத்தில் ஒரு காலித் தட்டில் பையை வைத்து, மேலே ஜரிகைத் துணியைப் போர்த்திவிட்டாள். சத்திரத்தின் மறுகோடியில் மாப்பிள்ளை வீட்டார் சந்தனம் பூசி இருபத்தொன்றையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

முகூர்த்தத்துக்கு அரைமணி இருக்கையில், கூரைப்புடவை கட்டக் கையைத் தூக்கிய பூரணியின் ரவிக்கை அக்குளில் கிழிந்தது. தையல் அல்ல, பட்டே கிழிந்துவிட்டது. ஊக்குப் போட்டால் இன்னும் கிழியும்.

"அத்தை, எப்படி மணையில உட்காருவேன்?" பெண் அழுதாள்.

"பங்கஜம், பை எங்கடி?"

"சீர்ல போய்ட்டுது அண்ணி. ஒரு தட்டு கம்மியா இருந்துது... கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டா இன்னா நினைப்பாங்க?"

"இன்னா வேணா நினைக்கட்டும்!" அம்சவேணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

அங்கே மாப்பிள்ளை ராஜகோபால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தாயின் கையில் இவள் பை, மடியில் இவள் மாத்திரை.

"வெறும் வயித்துல போடாதீங்க!" என்றாள் அம்சவேணி, வந்த வேலையை மறந்து. "முதல்ல நெத்தியில தைலம் தடவுங்க. பால் குடிச்ச பிறகு மாத்திரை."

தாய் அப்படியே செய்தாள். பிறகு சிரித்தாள். "இந்த மாதிரி சீரு யாரு கொடுப்பாங்க சம்மந்தி? இவன் வேட்டி ஆணியில மாட்டிக் கிழிஞ்சுது, அதுக்கும் மாத்து வேட்டி இருந்துது!"

அம்சவேணி உள்ளதைச் சொன்னாள்.

"அடக் கடவுளே, பொண்ணுக்கு ஜாக்கெட்டை எடுத்துட்டுப் போங்க. பையை மட்டும் தரமாட்டேன், சீர்ல வந்தது."

"பை உங்களுது. தூக்குறது நான்," என்று அம்சவேணி அதைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மாற்று ரவிக்கை கொஞ்சம் தொளதொள. முதுகில் உள்பக்கமாக மடித்து, இரண்டு பெரிய ஊக்குகளைக் குறுக்கே போட்டாள். மேளம் கொட்டும்போது பூரணி மணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை பின்னால் நிற்க, மாப்பிள்ளையின் தாய் எட்டிப்பார்த்து, "சம்மந்தி, எனக்கும் ஒரு ஊக்கு," என்றாள்.

"நில்லுங்க, முந்தானைக்கு சின்னதுதான் போடணும்," என்று பையைத் திறந்தாள் அம்சவேணி.