பாகு பார்க்கும் விரல்

அந்த வருடம் என் வாய் தானாகவே பேசிக்கொண்டிருந்தது. வீட்டருகே பாசிர் ரிஸ் நிலையத்தில் ரயில் ஏறுவேன், இறங்குவேன், நான் வேலை பார்க்கும் பாலிகிளினிக்கின், அதாவது பலதுறை மருந்தகத்தின், கண்ணாடிக் கதவு விலகும், என் அறை விளக்கு எரியும், வாய் தொடங்கிவிடும். இன்சுலின் பேனா இப்படி, ஊசி இப்படி, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள், நடுவில் வேண்டாம். மகள் படிக்க வெளிநாடு போயிருந்தாள். வீட்டில் பேச ஆளில்லாத மரப்பு என்று தோழிகள் சொன்னார்கள். இருக்கலாம். மரத்துப்போன காலையாவது உதறி எழுப்பத் தோன்றும். எனக்கு உதறவும் தோன்றவில்லை.

நான் தாதி. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்களுக்கு இன்சுலின் போடவும் மீட்டரில் ரத்தச் சர்க்கரை பார்க்கவும் சொல்லித்தருவது என் வேலை. சொல்லித்தருவது பாதிதான். கேட்டவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், தன் கையால் செய்து காட்ட வேண்டும். "புரியுதா?" என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

அன்று வந்தவர் தேக்கா கடைத்தெருவில் இனிப்புக்கடை வைத்திருந்தார். முன்னால் மனைவி கல்லாவில், பின்னால் இவர் அடுப்படியில். இருவரும் கடையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். அவர் உட்கார்ந்ததும் அறை முழுக்க நெய்யும் ஏலக்காயும் வந்து உட்கார்ந்தன. எனக்குப் பசிக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. வாசனை வந்தது, அவ்வளவுதான்.

"ஜாங்கிரி போடுறவனுக்கே சர்க்கரை, சிஸ்டர். சிரிச்சுக்கோங்க" என்றார்.

"அவங்க சிரிக்கிற மாதிரியா இருக்காங்க?" என்றாள் மனைவி. "கவனிங்க, பேசாம."

இரவில் போடும் இன்சுலின். பத்து யூனிட். புது ஊசி மாட்டி, இரண்டு யூனிட் வெளியே தள்ளி, நுனியில் சொட்டு வருகிறதா பார்த்து, பிறகு அளவைத் திருகி, வயிற்றில் போட்டு, பொத்தானை அழுத்தியபடியே பத்து எண்ண வேண்டும். அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மனைவி சொன்னாள்.

"அக்கா, நீங்க இல்ல. அண்ணன் சொல்லட்டும்."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து அவதான் சிஸ்டர் எனக்கும் சேர்த்துப் பேசுறா. திடீர்னு நிப்பாட்டுனா உடம்புக்கு ஆகாது லா."

"நான் சரியாச் சொல்லிக்கொடுத்தேனான்னு எனக்குத் தெரியணும், அண்ணே. பரீட்சை எனக்குத்தான்." இந்த வரியை நான் தினமும் சொல்கிறேன். அன்றும் சொன்னேன்.

அவர் சொன்னார். பழகுவதற்கு வைத்திருக்கும் பஞ்சுத் திண்டில் ஊசி போட்டும் காட்டினார். பிசகில்லை. சர்க்கரை நாலுக்குக் கீழே, ஊர்க் கணக்கில் எழுபதுக்குக் கீழே, போனால் உடம்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன். கை நடுங்கும், வேர்க்கும், படபடக்கும், தலை லேசாகும் என்றார்.

"அப்ப என்ன செய்வீங்க?"

"கடையில எதுக்குப் பஞ்சம்? ஒரு ஜாங்கிரியை எடுத்துப் போட்டுக்குவேன்."

"நெய்யும் மாவும் சேர்ந்தா சர்க்கரை மெதுவாத்தான் ரத்தத்துல ஏறும். மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணில கரைச்சுக் குடிங்க. கால் மணி நேரம் கழிச்சு மறுபடி மீட்டர்ல பாருங்க."

அதையும் திருப்பிச் சொன்னார். மீட்டர் மட்டும் பாக்கி. கைகளைச் சுத்தம் செய்துவிட்டுக் குத்த வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "கையைச் சுத்தம் பண்ணிட்டுக் குத்தணும்" என்று அவரும் சொல்லியிருந்தார். என் வார்த்தையே திரும்பி வந்தது. சுவரில் அடித்த பந்து மாதிரி, நானே எறிந்து நானே பிடித்தேன்.

"கடையில எப்படிச் செய்வீங்களோ அப்படியே இங்க செஞ்சு காட்டுங்க, அண்ணே." இதுவும் தினமும் சொல்கிற வரிதான்.

பைக்குள்ளிருந்து துண்டை எடுத்தார். அடுப்படியில் தோளில் கிடக்கும் துண்டு. ஓரங்கள் விறைத்து, மடித்த இடத்தில் மடித்தபடியே நின்றது. ஒவ்வொரு விரலாகப் பொறுமையாகத் துடைத்தார். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் குத்தினார். மீட்டரில் செருகிய ஸ்ட்ரிப் ரத்தத்தை இழுத்துக்கொண்டது.

இருபத்திரண்டு புள்ளி ஆறு.

மனைவியின் கை வாய்க்குப் போனது. "இப்பத்தானே பன்னிரண்டுன்னு சொன்னாங்க!"

அரை மணி நேரத்துக்கு முன்னால், இதே கட்டடத்தின் பரிசோதனை அறையில், கையைக் கழுவச் சொல்லிப் பார்த்தபோது பன்னிரண்டு. அதற்குப் பிறகு அவர் தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்கவில்லை. நான் மூலையிலிருந்த குழாயைக் காட்டினேன். சோப்புப் போட்டுக் கழுவினார். காகிதத் துண்டால் ஈரம் போகத் துடைத்தார். வேறு விரல், புது ஸ்ட்ரிப்.

பதினொன்று புள்ளி எட்டு.

ஒரே மனிதர், ஒரே நாற்காலி, இரண்டு எண்கள். அவர் துண்டைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி மெல்லப் பிரித்தார். இடையில் இல்லாத ஒரு கம்பியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பாகு பதம் பார்க்கும் விரல்கள். நாள் முழுக்கச் சட்டியில் தொட்டு, நீட்டிப் பார்த்து, துண்டில் துடைக்கும் விரல்கள்.

"அப்ப முதல்ல வந்தது என் ரத்தம் இல்ல" என்றார். "என் பாகு."

"ஆமா."

"துடைச்சேனே, சிஸ்டர்."

"நான் சுத்தம்னு சொன்னேன். கழுவணும்னு சொல்லல. உங்க அடுப்படியில சுத்தம்னா துண்டுதான்." என் குரலில் எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை. "அண்ணே, எண் கூடக் காட்டினா பரவால்லன்னு நினைக்காதீங்க. ஒரு நாள் அடுப்புகிட்ட நிக்கிறப்ப உங்க கை நடுங்குதுன்னு வைங்க. ரத்தத்துல நிஜமா இருக்கிறது மூணு. துண்டுல துடைச்சுட்டுப் பார்க்குறீங்க. மீட்டர் எட்டுன்னு காட்டுது. என்ன செய்வீங்க?"

அவர் யோசித்தார்.

"ஒண்ணுமில்லன்னு வேலையைப் பார்ப்பேன்."

"எண்ணெய்ச் சட்டி முன்னாடி" என்றாள் அவள், மெதுவாக.

மறுபடி தொடங்கினேன், வேறு வார்த்தைகளில். காலையில் வெறும் வயிற்றில், வீட்டிலேயே, கடைக்குக் கிளம்பும் முன். கடையில் பார்த்தால் குழாய், சோப்பு, காகிதம். கழுவ வழியே இல்லாதபோது கை நடுங்கினால், மீட்டருக்காகக் காத்திருக்காமல் அடுப்பை அணைத்துவிட்டு முதலில் சீனித் தண்ணீர். அவர் சொல்லிக்காட்டினார். இந்த முறை வந்தவை என் வார்த்தைகள் இல்லை. "பாகுக் கையோட ரத்தத்தைத் தொடக்கூடாது. ரத்தத்துக்குத் தனிக் கை." குழாய்க்குப் போய், கழுவி, வந்து, குத்தியும் காட்டினார். பதிவில் டிக் போட்டேன். அடுத்தவரை அழைத்தேன்.

ரயிலில் அந்த இரண்டு எண்களும் கூட வந்தன. கடையில் எப்படிச் செய்வீர்கள் என்று நான் அக்கறையோடு கேட்டிருந்தால் இந்தக் கதை நன்றாக இருந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி என்பதால் கேட்டேன். அக்கறை இல்லாத வாயிலிருந்து வந்தும் கேள்வி தன் வேலையைச் செய்திருந்தது. இது ஆறுதலா என்று ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி யோசித்தேன். அடுக்குமாடி புளோக்குகள் போய்க்கொண்டே இருந்தன.

அடுத்த சந்திப்பில் மீட்டரைக் கொண்டுவந்தார். அதன் நினைவகத்தில் நடுவே ஓர் எண்: மூன்று புள்ளி நான்கு. அதற்கடுத்து ஐந்து புள்ளி இரண்டு.

"இது என்ன, அண்ணே?"

"கல்யாண ஆர்டர். காலைச் சாப்பாட்டை விட்டுட்டேன். சட்டி கொதிக்குது, கை நடுங்குது. பழக்கதோஷம், துண்டைத்தான் எடுத்தேன் சிஸ்டர். துடைச்சும் முடிச்சுட்டேன். குத்துற நேரத்துல ஞாபகம் வந்துச்சு. அடுப்பை அணைச்சுட்டுக் குழாய்க்குப் போனேன். கழுவிப் பார்த்தா மூணு புள்ளி நாலு."

"என்னைக் கூப்பிட்டாரு" என்றாள் மனைவி. "சீனித் தண்ணி கலக்கி நான்தான் கொடுத்தேன். கால் மணி நேரம் மாவு டின் மேல உட்கார வச்சு, பார்த்துக்கிட்டே நின்னேன். வாயைத் திறக்கல இந்த மனுஷன்."

"நீ விட்டாத்தானே."

சாப்பாட்டை விட்டதைப் பற்றிப் பேசினேன். இன்சுலின் அளவைப் பற்றி மருத்துவரிடம் குறிப்பு அனுப்பினேன். எழுந்தபோது அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார், வெறும் தோள். "துண்டு இப்ப முன்னாடி, கல்லாகிட்ட. கேட்டாலும் தர மாட்டேங்குறா."

அவர்கள் போனபின், குறித்துவைத்திருந்த மீட்டர் எண்களைப் பதிவில் ஏற்றினேன். மூன்று புள்ளி நான்கு என்று தட்டியதும் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டி, மெல்லப் பிரிந்தன. இடையில் ஒன்றும் இல்லை, மரத்த கால் விழிக்கும்போது வரும் குறுகுறுப்பைத் தவிர. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.