ஒரே கையெழுத்தில் இரண்டு பாப்பா

ஜெரோமுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கோவளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தன் கடையில் மின்விசிறியைப் போட்டான், அணைத்தான், மறுபடி போட்டான். நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு வந்திருந்த காயத்ரி மேடம் எதையும் கவனிக்காதவர்போல் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஜெரோம் மீனவர் குடும்பத்துப் பிள்ளை, கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுத்துக் கரையேறியவன். ரீசார்ஜ் கடை போட்டான், ஜெராக்ஸ் வைத்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் செங்கல்பட்டிலிருக்கும் ஒரு நிறுவனத்துக்குத் துணை முகவரானான். மஸ்கட்டிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் பணத்தை ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கும் வேலை. அதற்கப்புறம்தான் ஊர் அவனை மனுஷனாக மதித்தது. சும்மா சொல்லக்கூடாது, வேலையும் சுத்தம். தன் கல்லாவிலிருந்து கொடுப்பான், நிறுவனம் மறுநாள் அவன் கணக்கில் போடும். நிறுவனத்துக்கு அதை வெளிநாட்டுக் கூட்டாளி நிறுவனம் கொடுத்துவிடும்.

"செட்டில்மென்ட் பைசா பிசகாம இருக்கு. ஐம்பதாயிரத்துக்கு மேல வந்தத கேஷா குடுக்காம பேங்க்லதான் போட்டிருக்கீங்க. நல்லாத்தான் பண்றீங்க" என்றார் காயத்ரி.

ஜெரோம் மூச்சு விட்டான். விட்டது பாதிதான், அதற்குள் அவர் இரண்டு படிவங்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"டி. பாப்பா. ஆதார் அட்டை. ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் முப்பது தடவை. ஒருத்தர் வருஷத்துக்கு அவ்வளவு தடவைதான் வாங்கலாம். எம். பாப்பா. வாக்காளர் அட்டை. செப்டம்பர்லேர்ந்து ஒன்பது தடவை. இவங்க ரெண்டு பேரா, ஜெரோம்?"

படிவங்களோடு இருந்த அட்டை நகல்களில் முகம்கூட வேறு மாதிரிதான். ஒன்று கல்யாணத்துக்கு முன் எடுத்தது, அப்பா மாணிக்கத்தின் இனிஷியல். மற்றது புருஷன் தேசிங்கின் இனிஷியல். ஆனால் படிவங்களின் அடியில் போட்டிருந்த கையெழுத்தில் எந்த இனிஷியலும் இல்லை. இரண்டிலும் வெறும் 'பாப்பா', கடைசி எழுத்துக்கு ஒரு நீளமான வால்.

தேசிங்கு மஸ்கட்டில் படகு வேலைக்காரன். படகு கரைக்கு வரும்போதெல்லாம் மூவாயிரம், நாலாயிரம் என்று அனுப்புவான். பாப்பாவின் பேங்க் கணக்கோ இனிஷியல் ஒத்துப்போகவில்லையென்று முடங்கிக் கிடந்தது. முப்பது முடிந்த அன்று அவள் கண்ணீரும் கம்பலையுமாக நின்றாள். ஜெரோம்தான், "அப்பா பேர்ல ஒரு அட்டை கீது இல்ல? அந்தப் பேர்ல அனுப்பச் சொல்லு" என்றான். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ரிப்போர்ட்ல ரெண்டுல ஒண்ணு எழுதணும்" என்றார் காயத்ரி. "அந்தம்மா ரெண்டு அட்டை காட்டி ஏமாத்தினாங்களா, இல்ல உங்களுக்குத் தெரிஞ்சு நடந்துதா? ஏமாத்தினாங்கன்னா அவங்க பேரே தடைப் பட்டியலுக்குப் போயிடும், அப்புறம் எப்பவுமே பணம் வாங்க முடியாது. தெரிஞ்சுதான் செஞ்சீங்கன்னா, முப்பது முடிஞ்சதால அவங்களுக்கு ஜனவரி வரைக்கும்தான் கிடைக்காது, ஆனா இன்னிக்கே உங்க கவுண்டர மூடிடுவாங்க."

'கவனிக்கலை மேடம்' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் கடை தப்பும். அவனுக்கும் குழந்தைகள் இரண்டு.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

காயத்ரி பேனாவை மூடினார். பிறகு திறந்து எழுதினார். மதியம் ஒன்றரைக்குக் கணினித் திரை அவன் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தது.

நாலு மணிக்குப் பாப்பா வந்தாள், பணம் எடுப்பதற்கான ரகசிய எண்ணைப் போனில் வைத்துக்கொண்டு.

"இங்க இனிமே பணம் குடுக்கறது இல்ல, பாப்பா."

"இன்னா அண்ணாத்த சொல்ற? அவரு அனுப்பிட்டாரே."

"எங்க போனாலும் ஜனவரி வரிக்கும் உன் பேருக்குக் குடுக்க மாட்டாங்க. அவரையே திருப்பி வாங்கிக்கச் சொல்லு. உன் மாமியார் பேர்ல அனுப்பட்டும்."

"அந்தப் பொம்பள கைல போனா எனக்கு ஒரு ரூவா வருமா? போன வாரம் குடுத்தியே, இப்ப இன்னா வந்துச்சு?"

ஜெரோம் திரும்பிப் பார்த்தான். கடைக்குள் ஜெராக்ஸுக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். அவள் இரண்டு அட்டை காட்டிப் பணம் வாங்கின கதையை அவர்கள் காதில் போட்டால், பொழுது சாய்வதற்குள் ஊரே அவளைத் திருடி என்றுவிடும்.

பாப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"என் துட்ட நீயே வெச்சிகினியா?"

நாலு பேரும் திரும்பி ஜெரோமைப் பார்த்தார்கள். அவன் இல்லையென்றுகூடச் சொல்லவில்லை.