மெஹந்திக் கோனில் ராயல் ஐசிங்

சினேகாவுக்குக் கோன் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மேற்குத் தாம்பரத்தில் எத்தனையோ கல்யாணப் பெண்களுக்கு மெஹந்தி போட்ட கை அது. ஆனால் ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாணமும் கிடையாது, அவளுக்கு வேலையும் கிடையாது.

"அந்த மாசமெல்லாம் வூட்ல குந்திகினு போனையே பாத்துகினு கீறேன் அக்கா. செம பேஜாரு" என்று புலம்பிக்கொண்டு ஒருநாள் சேலையூரில் என் வீட்டுக்கு வந்தாள். நான் ஜெனி, வீட்டிலேயே குக்கீ சுட்டு விற்கிறவள். நன்றாகச் சுடுவேன், மேலே கோடு இழுக்கச் சொன்னால் கை நடுங்கும். அவள் எனக்கு நேர்மாறு. அன்றைக்கே கூட்டுச் சேர்ந்துவிட்டோம்.

ஐப்பசியில் முதல் ஆர்டர் வந்தது. நாவலூர் அனுப்பிரியாவுக்கு வளைகாப்பு. உள்ளங்கை வடிவத்தில் குக்கீ, அதன்மேல் ராயல் ஐசிங் என்கிற வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு, அதன்மேல் மெஹந்தி டிசைன். இது சரியாக வந்தால் மார்கழிக்கும் ஆட்கள் கூப்பிடுவார்கள். சொதப்பினால் சினேகா மறுபடி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

முந்தின நாள் காலையில் அவளுக்குப் பாடம் எடுத்தேன். "ஓரம் கட்டற ஐசிங் பேஸ்ட் மாதிரி கெட்டியா இருக்கணும். உள்ள நிரப்பறது இளகலா இருக்கணும். கத்தியால ஒரு கோடு கீறு, நிதானமா பத்து பன்னெண்டு எண்ணறதுக்குள்ள கோடு மறையணும். அதுக்கு முன்னாடியே மறைஞ்சா தண்ணி ஜாஸ்தி."

தலையை ஆட்டினாள். நான் அந்தப் பக்கம் மாவு திரட்டப் போனதுதான் தாமதம், கோனில் சரியாக இறங்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் தண்ணீரை விட்டுவிட்டாள், மகராசி! மூன்று எண்ணுவதற்குள் கோடு காணாமல் போகிற பதம். மதியத்துக்குள், நான் வந்து பார்ப்பதற்கு முன்பே, எல்லாக் கை குக்கீகளையும் நிரப்பியும் முடித்துவிட்டாள்.

வெளியே விடாமல் மழை. சரியான பதமாக இருந்து, ஏசியும் ஃபேனும் ஓடினாலே நிரப்பின ஐசிங் உள்வரை காய ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். மழை நாளில் அதற்கும் மேலே. தண்ணீராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

காலையில் பார்த்தால் மேலே பளபளப்புப் போய் மங்கலாக இருந்தது. "காஞ்சிடுச்சுக்கா!" என்று குதித்தாள். பழுப்பு ஐசிங்கில் முதல் மெஹந்திக் கோட்டை இழுத்தாள். பொளக்கென்று ஏடு உடைந்து, பழுப்புக் கோடு வெள்ளைக்குள் முங்கிப் போனது. இன்னொன்றை விரலால் தொட்டேன். குழி விழுந்தது. சில கைகளில் ஓரத்தைத் தாண்டி வழிந்து விரல்களெல்லாம் ஒட்டிக் கிடந்தன.

"ஃப்ரிட்ஜில வெச்சா இறுகிடாதா?"

"வெளிய எடுத்ததும் வேர்த்து ஒழுகும்டி! சும்மா இரு!" எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சாயங்காலம் விழா. புதிதாக நிரப்பிக் காய வைக்க எங்கே நேரம்? ஃப்ரிட்ஜில் மீதி மாவு இருந்ததால் வேகவேகமாகச் சுட்டு எடுத்தேன். தட்டுகளில் வெறும் கைகளாக ஆறிக்கொண்டிருந்தன.

சினேகா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று என் கையைப் பிடித்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா! இது தோல் கலருக்கா! மெஹந்தி போடறதுக்கு முன்னாடி நா கைக்கு வெள்ளையா அடிக்கிறேன்? நேரா போட்டுட வேண்டியதுதான!"

அட! நிரப்பினதுதான் காய நாளாகும். கெட்டி ஐசிங்கில் மெல்லிய கோடு என்றால் ஃபேனுக்கடியில் ஒரு மணி நேரத்தில் விறைத்துவிடும். ஆனால் அனுப்பிரியா கேட்டது வெள்ளை ஆயிற்றே. ஒன்றை வரைந்து போட்டோ அனுப்பி, நடந்ததையும் மறைக்காமல் சொன்னோம். பதில் வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

"ஐயோ, இதுவே போதும்க்கா! ப்ளீஸ், இதையே போடுங்க!"

அப்புறம் பார்க்க வேண்டுமே! சர்க்கரைக் கட்டி கோனை அடைக்காமல் நான் சலித்துச் சலித்துக் கலந்து கொடுக்க, அவள் கொடி, மாங்காய், புள்ளி என்று இழுத்துத் தள்ளினாள். ஒரு கையைப்போல இன்னொரு கை இல்லை. கரண்டியைத் தூக்கினால் ஐசிங்கின் நுனி கொஞ்சம் வளைகிற பதம். கோடு அறுபடவும் இல்லை, படரவும் இல்லை. கடைசித் தட்டும் காய்ந்து, விரலால் தடவி ஒட்டவில்லை என்று பார்த்த பிறகே பெட்டியில் அடுக்கினோம். நாவலூர் போகிற வழியில், அந்த டிராஃபிக்கில் மேடவாக்கத்தைத் தாண்டினதே பெரிய விஷயம்.

அனுப்பிரியா வளையல் குலுங்கக் குக்கீயைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "சாப்பிட மனசே வரலையே!" என்றாள். ஆனால் சாப்பிட்டாள். அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் சினேகாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டிசம்பர்ல எங்க ஆபீஸ் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்குச் செஞ்சு தருவீங்களா? நீங்க ஃப்ரீயா?"

சினேகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"மார்கழி மாசம்மா, கொஞ்சம் டைட்டா கீது. பாத்து சொல்றோம்!"