மேற்படி ராகம்

"வாய மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது." ஏழாம் வகுப்பில் சிந்தாமணி டீச்சர் என்னிடம் சொன்ன வார்த்தை இது. கீழப்பழுவூர்ப் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயருக்குப் பாட நிறுத்தியிருந்த இருபது பேருக்கு முன்னால் சொன்னார். நாற்பது வருஷமாகியும் அது எனக்குச் செரிக்கவில்லை.

பிரேயர் பாட்டின் முதல் வரியை நான் எல்லோரையும் போலத்தான் பாடினேன். இரண்டாவது வரியில், "ஏரி நெறஞ்சு" என்கிற இடத்தில், என் குரல் கொஞ்சம் மேலே ஏறும். மற்றவர்களுக்கு ஏறாது. அந்தப் பாட்டை நான் வீட்டிலேயே கற்றிருந்தேன். என் அம்மா அம்மாக்கண்ணு, பாட்டுக் கட்டிய அமிர்தலிங்கம் வாத்தியார் வீட்டில் மாடு பார்த்தவள். அவர் உள்ளே ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து கட்டக் கட்ட, இவள் வெளியே சாணி அள்ளிக்கொண்டே கேட்டு மனசில் ஏற்றிக்கொண்டாள். பாட்டை முடித்த இரண்டாம் மாதம் வாத்தியார் இறந்துபோனார்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கத்தினேன். "நீ தப்பாப் பாடிக் குடுத்துட்ட. டீச்சரே சொல்லிட்டாங்க. இனிமே பாடித் தொலையாத."

என் காதுபட அதற்கப்புறம் அவள் பாடியதே இல்லை. அடுத்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பெரம்பலூருக்கு வெல்டிங் வேலைக்கு வந்தேன்.

அதே பெரம்பலூரில்தான் டீச்சர் ஓய்வு பெற்று வீடு கட்டினார். கேட் போட்டது நான். ஆளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. "வெல்டர் தம்பி" என்பார். நானும் சொல்லிக்கொள்ளவில்லை. கூலியை மட்டும் பேரம் பேசாமல் கறாராக வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன ஆடியில் ஒரு நாள் போன் செய்தார். "தம்பி, ஒரு டிரங்குப் பொட்டிங்க. பூட்டு துருவேறிப் போச்சு. தெறக்கணும்."

அமிர்தலிங்கம் வாத்தியாரின் பெட்டி அது. பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் இருந்ததாம். சாவி இல்லாமல், வாத்தியாரின் பேத்தி பிரவீணா டீச்சருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நான் கிரைண்டரை எடுத்ததும் டீச்சர் பதறிவிட்டார்.

"அய்யய்யோ, நெருப்புப் பொறி உள்ள உழுந்தா பேப்பரு பத்திக்கும்!"

"அப்ப நாலு மணி நேரம் ஊதிக்கிட்டே இருங்க, தானாத் தெறக்கும்" என்றேன். சிரித்தார். இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துக் கையாலேயே அறுத்தேன்.

உள்ளே ஒரு பட்டு வேட்டி, உடைந்த ஜால்ரா, அடியில் தடித்த நோட்டு ஒன்று. டீச்சர் தரையிலேயே உட்கார்ந்து பிரித்தார். பக்கம் முழுக்க ஸ, ரி, க என்று எழுத்துகள். மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலில் புள்ளி. இழுத்து நிற்கிற இடத்தில் கமா. தாளம் பிரிகிற இடத்தில் ஒரு கோடு, முடிகிற இடத்தில் இரட்டைக் கோடு. கேட் செய்ய நாங்கள் பிளான் போடுகிற மாதிரிதான்.

நடுவில் ஒரு தாள் கிழிபட்டு, தையலோரம் மட்டும் துண்டாக நின்றது. டீச்சர் அதையே பார்த்தார். எழுந்து பீரோவிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்து வந்தார். பிரேயர் பாட்டு. வாத்தியார் இறந்ததும் அவர் வீட்டில் உதிரித் தாள்களுக்கிடையில் இவருக்குக் கிடைத்தது அது. வாத்தியார் பாடி இவர் கேட்டதில்லை. தாளை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"இத இங்க வச்சுப் பாருங்க தம்பி."

வைத்தேன். கிழிசலும் கிழிசலும் பல்லோடு பல்லாகச் சேர்ந்தன. இரும்பில்கூட நான் அப்படிப் பொருத்தியதில்லை.

தாளின் தலைப்பில் "ராகம்: ௸, தாளம்: ஆதி" என்று இருந்தது. அந்தக் குறி எனக்கும் தெரியும். பத்திரத்தில் பேரைத் திரும்ப எழுதாமல் 'மேற்படி' என்று போடுவார்களே, அதுதான். மேலே சொன்ன அதே ராகம் என்று அர்த்தம். டீச்சருக்குக் கிடைத்த உதிரித் தாள்களில் இந்தத் தாளுக்கு மேலே இருந்தது சங்கராபரணப் பாட்டு. அதனால் மேற்படி என்றால் சங்கராபரணம் என்று எடுத்துக்கொண்டார். இப்போது நோட்டில் இதற்கு முந்தின பக்கம் திறந்து கிடந்தது. அதன் தலைப்பு: "ராகம்: கல்யாணி."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ராகம் மாறுனா என்னங்க டீச்சர்? எழுத்து அதே எழுத்துதான?"

"எழுத்து அதேதான். அதுதான் ஏமாத்திடுச்சு."

ஆர்மோனியத்தை இழுத்தார். ஸ-வை 'ஒரு கட்டை' சுருதியில் வைத்துக்கொண்டார். அங்கே வைத்தால் சங்கராபரணம் முழுக்க வெள்ளைக் கட்டைதான். கல்யாணிக்கும் ஆறு ஸ்வரம் அதேதான். ம ஒன்று மட்டும் வேறு. சின்ன ம-வுக்குப் பதில் பெரிய ம, பக்கத்துக் கருப்புக் கட்டை. ஆனால் தாளில் இரண்டுக்கும் ஒரே ம-தான் எழுதுவார்கள். எந்த ம என்று ராகத்தின் பேர்தான் சொல்ல வேண்டும்.

முதல் வரியை வாசித்தார்: ஸ ரி க , | ப க | ரி ஸ ||. அதில் ம கிடையாது. இரண்டாவது வரி: க ம ப , | ப த | ப ம ||. அதைச் சின்ன ம-வில் வாசித்தார். பிரேயரில் கேட்ட அதே பாட்டு. பிறகு விரலைக் கருப்புக் கட்டைக்கு நகர்த்தினார்.

என் அம்மா பாடினாள்.

அப்படித்தான் இருந்தது எனக்கு. அவள் செத்து ஒன்பது வருஷம். "ஏரி நெறஞ்சு" என்று அந்த இடம் ஏறியதும் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"முப்பத்தோரு வருசம் இதச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார் டீச்சர். "எத்தன பிள்ளைங்க. இன்னைக்கும் அதே தப்பத்தான் பாடுறாங்க." ஆர்மோனியத்தை மூடினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஒரே ஒரு பையன் பெரிய ம பாடினான். காது கெட்டவன்னு நெனச்சு வாயடைச்சேன். பேரு ஞாபகம் வரல."

"மணிவேல்" என்றேன்.

நிமிர்ந்தார்.

"நாந்தான் டீச்சர். எங்கம்மா வாத்தியாரு வூட்டுல மாடு பாத்தவ. அவகிட்டக் கேட்டுத்தான் பாடுனேன்."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். திட்ட வேண்டும் என்று நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் திட்டினால் பாதி என்மேலும் விழுமே. அம்மாவின் வாயை அடைத்தது நானல்லவா.

"அம்மா இருக்காங்களா?"

"இல்லீங்க."

கையெடுத்துக் கும்பிட வந்தார். "இதெல்லாம் வேணாம் டீச்சர்" என்று சள்ளென்று சொல்லிவிட்டேன். பிளேடைத் துடைத்துப் பைக்குள் போட்டேன்.

அவர் பேனாவை எடுத்து, தாளில் ௸-க்குப் பக்கத்தில் கல்யாணி என்று எழுதினார். கோணலாக விழுந்தது. மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசல்படி இறங்கும்போது பின்னால் இருந்து குரல் கொடுத்தார்.

"மணிவேலு, திங்கக்கெழம உன் வண்டியில என்னயக் கீழப்பழுவூருக்குக் கூட்டிட்டுப் போ. பிரேயர்ல பிள்ளைங்க முன்னாடி, தப்பு என்னோடதுன்னு நானே சொல்லிடுறேன். ரெண்டாவது வரிய நீ பாடிக் காட்டு. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு அவங்க பேரயும் சொல்லு."