அடித்துவிட்ட நான்கு வரிகள்

சத்யபிரியாவுக்கு வாரத்தில் ஆறு நாள் கால் வலிக்கும். ஏழாவது நாள் துணி துவைப்பதால் கை வலிக்கும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டு, மதியம் ஆறிப்போன சாம்பார் சாதம், இரண்டிலிருந்து ஐந்து வரை வகுப்பு. அந்த வகுப்பில் கண்ணைத் திறந்தபடி தூங்கும் வித்தையைப் பாதிப் பேர் முதலாம் ஆண்டிலேயே கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

விடுதியில் செல்போன் ஐந்தரைக்குக் கைக்கு வரும். ஆறரைக்கு வார்டன் மாரக்காளின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். சத்யபிரியாவின் அப்பா தங்கசாமி போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் சுற்றுகிறவர். அவரும் மகளோடு பேச அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் காத்திருப்பார். ஒன்பது நாளாக அவருக்கு அது கிடைக்கவில்லை. அந்த நேரம் முழுவதும் மெஹ்ரீனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மெஹ்ரீன் அடுத்த கட்டில்காரி. மஞ்சள் காமாலை வந்து சேலத்தில் வீட்டோடு படுத்திருந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஓய்வெடுக்கச் சொல்லி, பத்து நாள் கழித்து வரச்சொல்லி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை உள்தேர்வு. புத்தகத்தைத் திறந்தாலே குமட்டுகிறது என்றாள். "நீ பேசி அனுப்புடி. எனக்கு மட்டுமில்ல, எங்கம்மாவுக்கும் புரியற மாதிரி பேசு. பக்கத்துல ஒக்காந்து அவங்களும் கேக்குறாங்க" என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினால் சத்யபிரியா சுற்றி வளைத்துக்கொண்டே போவாள், பெட்டி வந்துவிடும். அதனால் வகுப்பு நடக்கும்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேச வேண்டியதை எழுதிவிடுவாள். பிறகு மொட்டை மாடியில் காயும் யூனிஃபார்ம்களுக்கு நடுவே நின்று அதைப் படித்துப் பதிவு செய்வாள். கொசுவும் கடிக்கும், கொட்டாவியும் வரும். தோழிக்காகச் செய்கிற காரியத்தில் சலிப்பு வரக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும். அவளுக்கும் வந்தது.

புதன்கிழமை நடந்த பாடம் கல்லீரல் அழற்சி. அவள் எழுதியது இது:

"மெஹ்ரீன், இன்னைக்குப் பாடமே உன்ற வியாதிதான், சிரிக்காத. ரத்தத்துல இருக்கற பழைய செவப்பணு ஒடஞ்சா ஒரு மஞ்சக் கழிவு வரும். அதுதான் பிலிருபின். கல்லீரல் அதைப் பக்குவம் பண்ணி, பித்தத்தோட சேத்துக் கொடலுக்குத் தள்ளி உட்டுரும். கல்லீரல் வீங்கிப்போச்சுன்னா தள்ள முடியாது. அது ரத்தத்துலயே தேங்கி, கண்ணு மஞ்சளாகும், ஒண்ணுக்கும் மஞ்சளாப் போகும். ஹெபடைடிஸ் ஏ, இ ரெண்டு கிருமியும் கெட்ட தண்ணி, சாப்பாடு வழியா வரும். பி, சி ரெண்டும் ரத்தம் வழியா வரும். இது கட்டாயம் பரீட்சைக்கு வரும், எழுதி வெச்சுக்க. டாக்டரக் கேக்காம காய்ச்சல் மாத்திரை கூடப் போடக் கூடாது. முக்காவாசிப் பேருக்குத் தானாவே சரியாயிரும்."

அதற்குக் கீழே நான்கு வரிகள்:

"ஆனா பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழிச்சிருந்தா,
பேச்சு கொழறுனா, ஆளு அடையாளம் தெரியாமப் போனா,
கைய நீட்டச் சொன்னா மணிக்கட்டு படபடன்னு அடிச்சா,
கல்லீரல் கைவிடுதுன்னு அர்த்தம். அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

மாடிப்படி ஏறும்போது சத்யபிரியா இந்த நான்கையும் பேனாவால் அடித்துவிட்டாள். நோயில் கிடக்கிறவளிடம் போய் இதையா படிப்பது? அதிலும் அவள் அம்மா பக்கத்தில் இருந்து கேட்கும்போது? வார்டில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதானே, நோயாளி முன்னால் மோசமானதைப் பேசாதே என்று. தேறி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மீதியை மட்டும் படித்து அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை வகுப்பு இழுத்துவிட்டதால் ஆறு மணி தாண்டித்தான் போன் கைக்கு வந்தது; மெஹ்ரீன் பேசி அனுப்பிய மூன்று பதில்கள் இருந்தன. இரவு இரண்டே கால், இரண்டே முக்கால், மூன்று நாற்பது என்று மணி காட்டின. முதல் இரண்டிலும் ஒரே கேள்வி. "ஏ எது வழியா வரும்?" ஒரு தடவை கேட்டதை மறக்காத மெஹ்ரீன் கேட்கிற கேள்வியா இது? நாக்கு தடித்தவள் பேசுவதுபோல் இருந்தது. மூன்றாவதில், "ஜோயா, நான் பரீட்சை எழுதிட்டேன், கதவத் தெற" என்றாள். ஜோயா அவளுடைய தங்கை.

சத்யபிரியாவுக்கு, அடித்துவிட்ட நான்கு வரிகள் ஞாபகம் வந்தன. அப்பாவின் அழைப்பு வந்தது. அதைத் துண்டித்துவிட்டு மெஹ்ரீனின் எண்ணுக்குப் போட்டாள். அவள் அம்மா வஹீதுன்னிசா எடுத்தார்.

"தூங்குறாம்மா. நேத்துலேருந்து பகலெல்லாம் நல்லாத் தூங்குறா. டாக்டரு ரெஸ்ட்டு எடுக்கச் சொன்னாருல்ல" என்றார். குரலில் நிம்மதி இருந்தது.

"அம்மா, கொஞ்சம் எழுப்புங்க. ரெண்டு கையையும் முன்னால நீட்டி, பஸ்ஸ நிறுத்தற மாதிரி உள்ளங்கையத் தூக்கிப் புடிக்கச் சொல்லுங்க."

எழுப்பவே நேரம் ஆயிற்று. "எந்திரி கண்ணு, எந்திரி" என்ற குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மாடிக்கு வந்துவிட்ட மாரக்காள் பெட்டியை நீட்டினார். சத்யபிரியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஆடுதும்மா" என்றார் வஹீதுன்னிசா. "கை நிக்க மாட்டேங்குது. கோழி றெக்கை அடிக்கிற மாதிரி அடிச்சுக்குது."

"இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. காமாலைங்க, ரெண்டு நாளாப் பகல்ல தூங்குறா, பேச்சு மாறுது, கை அடிக்குதுன்னு சொல்லுங்க. இந்த நாலையும் அப்படியே சொல்லுங்க. காலைல போலாம்னு மட்டும் இருந்தராதீங்க."

மறுநாள் ஐந்தரை வரை எந்தச் செய்தியும் இல்லை. வார்டில் ஒரு தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, எண்ணைக் குறிக்க மறந்து திரும்பப் போய்ப் பார்த்தாள். அவர், "ஏஞ்சாமி, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். அவள் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஐந்தரைக்குப் போன் கைக்கு வந்தது. வஹீதுன்னிசாவே பேசி அனுப்பியிருந்தார். அழுது ஓய்ந்த குரல்.

"அம்மா சத்யா, ஐசியூவுல வெச்சிருக்காங்க. காலைல என்னைய அடையாளம் தெரிஞ்சு, அம்மான்னா. இன்னும் ரெண்டு மூணு நாள் பாக்கணுமாம். ஒரு நாள் விட்டிருந்தா எங்க கையில இல்லேன்னாரு டாக்டரு. நீ நல்லா இருக்கணும்மா. ஒண்ணு மட்டும் கேக்குறேன். நீ அனுப்புற பாடமெல்லாம் நானும் விடாமக் கேட்டேனே, இந்தக் கை ஆடுறது, பகல்ல தூங்குறது, இதெல்லாம் அதுல வரலியே. வந்திருந்தா புதங்கெழமையே தூக்கிட்டு ஓடியிருப்பேன். உங்க காலேஜில இத நடத்தலியாம்மா?"

சத்யபிரியா அதை இரண்டு தடவை கேட்டாள். கேள்வியில் கோபம் துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நடத்தவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மெஹ்ரீன் கூட அன்றைக்கு வகுப்பில் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது? அப்பாவின் அழைப்பு வந்து, அடித்து ஓய்ந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பதிவு பொத்தானை அழுத்தினாள்.

"நடத்துனாங்கம்மா. நாந்தான் அடிச்சுட்டேன். நீங்க பயந்துருவீங்கன்னு அடிச்சுட்டேன்" என்றாள். பிறகு பேனாக் கோட்டுக்குக் கீழே தெரிந்த நான்கு வரிகளையும், ஒரு வார்த்தை விடாமல், மெதுவாகப் படித்து அனுப்பினாள்.